எச்சரிக்கை புத்தகத்தில் இருந்தது

அலுவலகத்தில் அவளைக் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே ஒரு கமா இடம் மாறியிருக்கிறது என்று அச்சுக்குப் போன கையேட்டை அவள் பாதியில் நிறுத்தி வைத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "கமான்னா சும்மாவா? மூச்சு விடற இடம்" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

அவள் செய்த வேலை இன்னதென்று வீட்டில் ஒருவருக்கும் சரியாகப் பிடிபட்டதில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியா என்றால் இல்லை. டைப் அடிக்கிற வேலையா என்றால் அதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு உறவினர் ஒருவர் குடைந்து குடைந்து கேட்டபோது அவள் சொன்னாள்: "புது மெஷின் வாங்கினா டப்பாவுக்குள்ள ஒரு புக்கு வரும்ல மாமா? நீங்க பிரிக்காம பரண்ல போடுவீங்களே, அதை எழுதறது நான்தான்." அதற்கு அவர், "அதுக்கெல்லாமா ஆள் வெச்சிருக்கான்?" என்றார்.

ஆள் வைத்திருந்தார்கள். நல்ல வேலை அது, நின்று நிலைக்கிற வேலை. அறிவியல் படித்துவிட்டு, துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் பெண்ணாகத்தான் ஆரம்பித்தாள். மற்றவர்கள் அரை மணி நேரம் மல்லுக்கட்டும் ஆளிடம் அவள் நாலு வார்த்தையில் காரியத்தை முடித்துவிடுவாள். எதிராளி இப்போது எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், எது அவன் கைக்கு எட்டும் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அவள் தனக்காக எழுதி வைத்த குறிப்புகளை மேசை மேசையாக எல்லோரும் நகல் எடுத்தார்கள். கடைசியில் மேலாளர் கூப்பிட்டு, "போன் எடுத்தது போதும், இனிமே எழுதற வேலையைப் பாரு" என்றார். அப்புறம் சம்பளக் கணக்கு மென்பொருள், அதற்கப்புறம் இந்த மருத்துவக் கருவி நிறுவனம். எங்கே போனாலும் வேலை ஒன்றுதான். செய்தவனுக்கு மட்டும் புரிகிற ஒன்றை, செய்யாதவனுக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும்.

அதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. பொறியாளர் ஒருவர் பக்கம் பக்கமாக அனுப்பும் விளக்கத்தை நாள் முழுக்க உருட்டிப் புரட்டி, ஆறு வரியில் இறக்கி வைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு தனியாக இறங்கும். ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு வேலைதான் சொல்வாள். எச்சரிக்கையை அந்த வேலைக்கு முன்னால் சொல்வாள். கையைச் சுட்டுக்கொண்ட பிறகு 'சூடாக இருக்கும்' என்று படிப்பதில் என்ன பயன்?

வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின் ஒன்றை அந்த நிறுவனம் புதிதாகக் கொண்டுவந்தது. நுரையீரல் பழுதானவர்களுக்கானது. காற்றை இழுத்து, வடிகட்டி, ஆக்சிஜனை மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். உள்ளே சின்ன பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கும்.

கையேட்டின் முதல் பிரதியை எழுதுவதற்காக அவள் மெஷினைத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்து இயக்கிப் பார்த்தாள். எழுதுகிற ஒவ்வொரு வரியையும் கையால் செய்து பார்க்காமல் அவள் எழுதமாட்டாள். அப்படிச் செய்தபோதுதான் அதைக் கண்டாள். மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரி தீரும்வரை விட்டு, மறுபடி மின்சாரம் கொடுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திரை ஒளிர்ந்தது. உள்ளே விசிறி சுற்றும் சத்தமும் கேட்டது. எல்லாம் சரிதான் என்று குழாய் முனையைத் தண்ணீர்க் குவளைக்குள் விட்டுப் பார்த்தாள். ஒரு குமிழ்கூட வரவில்லை.

மென்பொருள் குழுவின் தலைவரிடம் போனாள். இவளைவிட வயதில் சிறியவர், கெட்டிக்காரர், நல்ல மனுஷர்.

"அது அப்படித்தாங்கா டிசைன். பேட்டரி சுத்தமா தீர்ந்துட்டா, கரண்ட் வந்ததும் மெஷின் காத்துக்கிட்டு நிக்கும். ஸ்டார்ட் பட்டனை மூணு விநாடி அழுத்தினாதான் ஆக்சிஜன் வரும்."

"ஏன்? தானா வந்தா என்ன?"

"ஆள் இல்லாத நேரத்துல படுக்கை மேல குழாய் கிடந்து ஆக்சிஜன் கொட்டிக்கிட்டே இருந்தா? பக்கத்துல யாராவது தீக்குச்சி உரசினா? அதை யோசிச்சுதான் வெச்சோம்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. "சரி, வரலைன்னாவது சொல்லணுமே. பச்சை விளக்கு எரியுது, விசிறி ஓடுது. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நாலு தடவை பீப் அடிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னுடும்." அவர் நாற்காலியைச் சுழற்றி அவளைப் பார்த்தார். "நீங்க சொல்றது புரியுதுக்கா. மாத்தணும்தான். ஆனா இப்போ அதைத் தொட்டா பாதுகாப்புச் சோதனை எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ணணும். ஆஸ்பத்திரிங்க காத்துக்கிட்டு இருக்கு. அடுத்த வெர்ஷன்ல கண்டிப்பா மாத்திடறேன். இப்போதைக்கு நீங்க மேனுவல்ல நல்லா எழுதிடுங்க."

'மேனுவலில் எழுதிவிடுங்கள்.' இந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருடத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பாள்! மேடையில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். அடைக்க முடியாவிட்டால் கம்பி வேலி கட்ட வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால்தான் 'பார்த்து நட' என்று பலகை. அவர்கள் துறையின் விதிகளே சொல்கிற வரிசை அது. எழுத்து கடைசி. எழுத்துதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. எழுதுகிறவளுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

திரையில் 'ஆக்சிஜன் வரவில்லை' என்று ஒரு வரியாவது போடுங்கள் என்று கேட்டாள். திரையை மாற்றினால் எல்லா மொழியிலும் மாற்ற வேண்டும், சோதனையும் மறுபடி வேண்டும், முடியாது என்றார்கள். மெஷினின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாமா என்றாள். அதற்கும் தனி அனுமதி, அடுத்த முறை என்றார்கள். கடைசியில் டப்பாவுக்குள் போடும் ஒரு வழவழப்பான அட்டைக்கு மட்டும் ஒப்புதல் கிடைத்தது.

அவள் எழுதினாள். 'எச்சரிக்கை: மின்சாரம் திரும்பியதும் ஆக்சிஜன் தானாக வராது. பச்சை விளக்கு எரிந்தாலும் வராது. தொடக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கவும். குழாயில் காற்று வருகிறதா என்று பார்க்கவும்.' படம் போட்டாள். கையேட்டில் முன்பக்கத்திலேயே வைத்தாள். படித்துப் பார்த்த மருத்துவர், "இதைவிடத் தெளிவா எழுத முடியாதுங்க" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

பிறகு ஆட்களை வைத்துப் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை நடந்தது. ஒரு சாதாரண வீட்டு அறை மாதிரி கட்டில், நாற்காலி, மேசை எல்லாம் போட்டு, நடுவில் மெஷினை வைத்திருந்தார்கள். ஒரு சுவரில் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியாது. வெளியே இருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விதி ஒன்றுதான்: யாரும் வாயைத் திறந்து உதவக் கூடாது.

வெள்ளை வெளேரென்று தலை நரைத்த ஓர் அம்மா வந்து உட்கார்ந்தாள். சொந்தத்தில் யாருக்கோ மூச்சுத் தொல்லை, மெஷின் வைத்திருக்கிறார்களாம். கையேட்டைக் கையில் எடுத்து, அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். வழவழப்பான அட்டையின் மேல் தன் தண்ணீர்க் குவளையை வைத்தாள். மேசையில் ஈரம் படக் கூடாதே என்ற அக்கறை. மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரி தீர விட்டார்கள். மறுபடி கொடுத்தார்கள். பீப் அடித்து ஓய்ந்தது. பச்சை விளக்கைப் பார்த்ததும் அந்த அம்மா முகம் மலர்ந்து, "ஆங், வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கமா அக்காவின் உதடு தானாக அசைந்தது. 'பட்டனை அழுத்துங்கம்மா. அதோ, வலது பக்கம்.' அந்த அம்மா அசையவில்லை. தன் வேலை முடிந்தது, யாராவது வந்து நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்வார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்து வந்தவர்களில் பலரும் அப்படித்தான். அறிக்கையில் உள்ளது உள்ளபடி எழுதினார்கள். முடிவுரையில் மட்டும், 'கையேட்டின் எச்சரிக்கையை இன்னும் பெரிய எழுத்தில் தருதல், பயனாளருக்குப் பயிற்சி அளித்தல்' என்று இருந்தது. அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள். வேறென்ன செய்வது?

"உனக்கென்ன, எழுதிக் குடுத்துட்ட இல்ல? படிக்காதவன் தலையெழுத்து அது" என்றான் கணவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். "நானும்தான் தினமும் கத்தறேன், கையை வெளிய நீட்டாதீங்கன்னு. எவன் கேக்கறான்?"

"கேக்கலைன்னா நீ என்ன பண்ணுவ?"

"ஜன்னலுக்குக் கம்பி போட்டுட்டேனே" என்றான் அவன், இயல்பாக.



மெஷின் விற்பனைக்கு வந்தது. நன்றாகவே போனது. மூச்சு திணறிக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். நன்றி சொல்லி எழுதியவர்களும் உண்டு. அவளுக்கே கொஞ்சம் மறந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு காலையில் தரப் பிரிவின் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிதானமான மனிதர், யாரையும் ஒருமையில் பேசாதவர். சட்டப் பிரிவிலிருந்தும் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வருத்தமான விஷயம்மா. நம்ம மெஷின் வெச்சிருந்த ஒரு பேஷன்ட் தவறிட்டார். பகல்ல தூங்கிட்டு இருந்திருக்கார். கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, அப்புறம் கரண்ட் வந்திருக்கு. வீட்டம்மா விளக்கைப் பார்த்துட்டு, ஓடுதுன்னு நினைச்சு, பின்கட்டுல துணி துவைக்கப் போயிட்டாங்க."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அந்த எச்சரிக்கை எந்தப் பக்கத்துல இருக்கு, எந்தப் பதிப்பிலேர்ந்து இருக்கு, அதை மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார் சட்டப் பிரிவுக்காரர். ஏற்கெனவே அவர் கையில் கையேடு இருந்தது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, பாராட்டுகிற குரலில் சொன்னார்: "பச்சை விளக்கு எரிந்தாலும் வராதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிதான் நம்மளைக் காப்பாத்தியிருக்கு. வேற யாரா இருந்தாலும் மழுப்பலா எழுதியிருப்பாங்க."

வாழ்நாளில் அவள் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதுதான் பெரியது. அவளுக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல இருந்தது.

"சார், டெஸ்ட்லயே இது வந்துச்சே. பாதிப் பேருக்கு மேல கவனிக்கலைன்னு அறிக்கையில இருக்கே."

"அதையும் சேர்த்துதான் அரசாங்கத்துக்கு அனுப்பறோம். எதையும் மறைக்கலை" என்றார் தரப் பிரிவின் தலைவர். அது உண்மைதான். அவர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. "எல்லாத்தையும் அனுப்புவோம். அவங்க பாப்பாங்க. ஆனா எச்சரிக்கை இருந்துச்சு, பயன்படுத்தினவங்க தவறவிட்டாங்க. பதிவு அப்படித்தான் போகும்."

விசாரணைக்காக மெஷினைத் திரும்ப எடுத்து வர, சர்வீஸ் மெக்கானிக் போவதாக இருந்தது. தானும் கூடப் போகிறேன் என்று அவள் கேட்டாள். கையேடு வீட்டில் எப்படிப் பயன்படுகிறது என்று பார்ப்பது அவள் வேலையின் ஒரு பகுதிதான், அதனால் அனுமதித்தார்கள். "ஆறுதலா பேசுங்க. யார் தப்புங்கிற பேச்சு மட்டும் வேண்டாம். விசாரணை முடியலை" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு மாடிக் குடியிருப்பின் தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. துக்கத்துக்கு வந்த உறவினர்கள் கிளம்பிப் போய், வீடு அடங்கியிருந்தது. அந்த வீட்டம்மாவுக்கு இவளைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். மெஷின் பக்கத்திலேயே நின்றது. யாரோ அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

மெக்கானிக் தயங்கித் தயங்கி, "ஆபீஸ்லேர்ந்து வர்றோம்மா. மெஷினை எடுத்துட்டுப் போகணும்" என்றான்.

"எடுத்துக்கோப்பா. அதைப் பாக்கவே முடியலை." அந்த அம்மா உள்ளே போய், குழாய்ச் சுருளையும் கையேட்டையும் கொண்டு வந்தாள். கையேடு புதிதாக இல்லை. ஓரம் மடிந்து, நடுவில் ஏதோ சிந்திய கறையோடு இருந்தது. "இதுவும் சேர்த்துக் குடுக்கணுமா?"

"வேண்டாம்மா, நீங்களே வெச்சுக்கலாம்" என்றாள் கமா அக்கா.

"நான் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? படிச்சுட்டேன். முதல்ல படிக்கலை. எல்லாம் முடிஞ்சப்புறம், வந்தவங்க எல்லாம் தூங்கினப்போ உக்காந்து படிச்சேன்." புத்தகத்தைத் தடவினாள். "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. எனக்கே புரியுது. நான் எட்டாவதுதான் படிச்சேன், ஒரு இடத்துலகூடத் தடுமாறலை."

கமா அக்கா குழாய்ச் சுருளை வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்தாள்.

"இதை எழுதினவங்க யாரும்மா?"

"நான்தாம்மா."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று கமா அக்கா எதிர்பார்த்தாள். வசை வந்திருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். அதற்குப் பதிலாக அந்த அம்மா பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, படித்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டாள்: "அப்போ நீயே சொல்லும்மா. நான்தான் அவரைக் கொன்னுட்டேனா?"

மெக்கானிக் குழாயைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, 'வேண்டாம்' என்பதுபோல அக்காவைப் பார்த்தான்.

"இல்லம்மா. நீங்க இல்லை. பச்சை விளக்கு எரிஞ்சா ஓடுதுன்னுதான் யாரா இருந்தாலும் நினைப்பாங்க. நாங்க ஆளுங்களை வெச்சுப் பாத்தப்பவே பாதிப் பேருக்கு மேல அப்படித்தான் நினைச்சாங்க. அந்த மெஷின் அப்படி இருந்திருக்கக் கூடாது."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

அதற்கு அவளிடம் விளக்கம் இருந்தது. தீ அபாயம், சோதனைக் கால அளவு, அடுத்த வெர்ஷன். வரிசையாக, ஒன்றுக்கு ஒரு வாக்கியமாக, யாருக்கும் புரிகிற மாதிரி அவளால் சொல்ல முடியும். ஒன்றையும் சொல்லவில்லை. "எழுதியிருந்தோம்மா" என்றாள். சொன்னதுமே அந்தச் சொல் எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே கூசியது.

அந்த அம்மா அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து இருவருக்கும் கொடுத்தாள். வெளியே வரும்போது, கமா அக்கா தன் கைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

அவள் அங்கே சொன்னது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மெக்கானிக் சொல்லவில்லை. அடுத்த முறை அலுவலகத்திலிருந்து அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியவரிடம், "உங்க ஆபீஸ் அம்மாவே சொன்னாங்களே, மெஷின் மேலதான் தப்புன்னு" என்று அந்த அம்மாவே வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறாள். தரப் பிரிவின் தலைவர் சத்தம் போடவில்லை. "நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லலை. சொல்ற இடம் அது இல்லை" என்றார். இனி வெளியே எங்கும் அனுப்ப மாட்டோம், புகார்க் கூட்டங்களிலும் உட்கார வேண்டாம் என்று முடிவானது. வேலை போகவில்லை. தெளிவாக எழுதுகிற ஆளை யாரும் அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுவதில்லை.

விசாரணை முடிந்து, 'பயன்பாட்டுப் பிழை. எச்சரிக்கை உள்ளது' என்றே பதிவானது. ஆனாலும் மென்பொருள் குழுத் தலைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வெர்ஷனில், ஆக்சிஜன் வராதவரை மெஷின் ஓயாமல் கத்தும், சிவப்பு விளக்கு எரியும் என்று மாற்றினார். கையேட்டை மாற்ற வேண்டியிருந்தது. அவர் அவள் மேசைக்கே வந்து, நின்றபடி சொன்னார்: "அக்கா, அன்னைக்கே நான் பிடிவாதமா நின்னிருக்கணும்."

"நானும்தான்" என்றாள் அவள். இரண்டு பேரும் எவ்வளவு பிடிவாதமாக நின்றிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்ட பழைய மெஷின்களுக்கு மெக்கானிக்குகள் ஒவ்வொன்றாகப் போய் மாற்றம் செய்ய வேண்டும். சிலர் வீடு மாறியிருந்தார்கள், சிலர் கைமாற்றிவிட்டிருந்தார்கள். அதுவரைக்கும் ஒட்டச் சொல்லி ஸ்டிக்கர் அனுப்பினார்கள். அதன் வாசகத்தையும் அவள்தான் எழுதினாள்.

அந்த அம்மாவிடமிருந்து ஒரு நாள் போன் வந்தது. கமா அக்கா பயந்துகொண்டே எடுத்தாள். "புதுசா ஒரு போன் வாங்கிக் குடுத்திருக்கான் தம்பி மகன். எழுத்து ரொம்பப் பொடிசா தெரியுது. பெருசாக்க முடியுமா?" என்று கேட்டாள். அக்கா வெராண்டாவுக்குப் போய் நின்றுகொண்டு, எதைத் தொட வேண்டும், தொட்டால் என்ன தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "வந்துடுச்சு, வந்துடுச்சு. நீ சொன்னா டக்குனு புரியுது" என்றாள் அந்த அம்மா.

அதன் பிறகு அவ்வப்போது கூப்பிடுவாள். புது அடுப்பைப் பற்ற வைப்பது எப்படி, அவர் பேரில் இருக்கும் மின் இணைப்பைத் தன் பேருக்கு மாற்றுவது எப்படி. வீட்டில் கணவன், "யாரு, உன் வாசகியா?" என்று கேலி செய்வான். அவளுக்குச் சிரிப்பு வராது, ஆனாலும் போனை எடுக்காமல் இருந்ததில்லை.

சில நாள் எந்தச் சந்தேகமும் கேட்காமல் அந்த அம்மா பேசிக்கொண்டே இருப்பாள். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு நின்றுபோகும். பிறகு மெதுவாகக் கேட்பாள்: "அந்தச் சத்தம் நாலு தடவைதான் அடிக்குமாம்மா? பின்கட்டுல தண்ணி கொட்டற சத்தத்துல எனக்குக் கேக்கலையோ? இல்ல, கேட்டும் நான்தான் என்னமோன்னு விட்டுட்டேனா?"

எத்தனை முறை கேட்டாலும் கமா அக்காவுக்கு அதற்கு ஒரு வாக்கியம் அமைந்ததில்லை. "லைன்லதான்மா இருக்கேன்" என்று மட்டும் சொல்வாள். அந்த அம்மாவாக வைக்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பாள்.